ஞாயிறு வேலைக்கு மறுப்பு எழுதுவது எப்படி: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலி வட்டாரத்தின் கடைகளிலும் சிறு நிறுவனங்களிலும் வார இறுதி வேலை பெரும்பாலும் முறையான உத்தரவாக வருவதில்லை. வெள்ளி மாலையோ சனி பகலோ வாட்ஸ்அப்பில் இரண்டு வரி வரும். புதிதாகச் சேர்ந்தவர் கையில் இருந்த அவசரத்தில் ஒரு வரி பதில் போட்டுவிடுவார். அந்த ஒரு வரி திங்கட்கிழமை வரை பேச்சாகிவிடுகிறது. வர முடியாத காரணம் நியாயமாகவே இருந்திருக்கும், ஆனால் பதிலில் அந்தக் காரணம் இருந்திருக்காது. அப்படி அவசரத்தில் எழுதிய பதிலை, உண்மையான தடையைச் சொல்லும் மரியாதையான செய்தியாக எப்படி மாற்றி எழுதுவது என்பதை ஒரே நிகழ்வை எடுத்துக்கொண்டு படிப்படியாகக் காட்டுகிறேன். கணக்குப் பிரிவில் புதியவர்களுக்கு வேலை பழக்கும்போது நான் சொல்லிக்கொடுக்கும் முறை இதுதான்.

நிகழ்வு இது. வண்ணார்பேட்டையில் பெயிண்டும் ஹார்டுவேர் சாமான்களும் விற்கும் ஒரு மொத்த விற்பனைக் கடை. சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பைக்கில் வரும் இளைஞர் ஒருவர் அங்கே கணக்கு உதவியாளராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகின்றன. மார்ச் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை, மேலாளரிடமிருந்து இந்தச் செய்தி வருகிறது:

"தம்பி, ஞாயித்துக்கெழம ஸ்டாக் எடுக்கணும். காலைல 9 மணிக்கு குடோனுக்கு வந்துரு."

இளைஞர் அனுப்ப நினைத்த பதில்:

"அண்ணாச்சி சண்டே முடியாது. ஊர்ல அறுப்பு இருக்கு. வேற யாரையாவது பாருங்க."

இதில் பொய் ஒன்றும் இல்லை. பிசான நெல் அறுவடைக்கு வரும் காலமும் கணக்கு ஆண்டு முடியும் காலமும் நம் மாவட்டத்தில் ஒன்றோடொன்று மோதுவது வழக்கம்தான். ஆயினும் மேலாளர் இதைப் படிக்கும்போது அவருக்குக் கிடைப்பது மூன்று செய்திகள் மட்டுமே: பையன் வரமாட்டான், ஊரில் ஏதோ வேலையாம், ஆள் தேடும் பொறுப்பை என்னிடமே தள்ளிவிட்டான். மூன்றாவதுதான் அவரைக் கோபப்படுத்தும். "வேற யாரையாவது பாருங்க" என்பது சிறியவர் பெரியவருக்கு வேலை ஏவுவது போல ஒலிக்கிறது. எழுதியவர் அப்படி நினைத்து எழுதவில்லை என்பது உண்மைதான், ஆனால் எழுத்தில் முகம் தெரியாது.

முதல் படி: எழுதுவதற்கு முன் தடையை அளந்துகொள்ளுங்கள்

திருத்துவது என்றவுடன் பலரும் சொற்களை மாற்றத் தொடங்குகிறார்கள். "முடியாது" என்பதை "இயலாது" என்று ஆக்கி, முன்னால் ஒரு வணக்கத்தையும் பின்னால் ஒரு நன்றியையும் வைத்துவிட்டால் செய்தி மரியாதையாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். உள்ளே சொல்ல வேண்டியது இல்லாதவரை வெளிப்பூச்சு உதவாது. ஆகவே முதலில் உங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வேலை ஏன் அந்த நாளில்தான் நடக்க வேண்டும்? அதற்கு ஏன் நான்தான் இருக்க வேண்டும்? அது எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும்?

நம் இளைஞரிடம் இவற்றைக் கேட்டபோது வந்த விடைகள் அவருடைய ஒற்றை வரியில் இல்லாதவை. அறுவடை இயந்திரம் வாடகைக்கு வருவது. அந்தப் பகுதி வயல்களுக்கு வரிசைப்படி முறை வைத்து ஞாயிறு காலை அவர்கள் வயலுக்கு வருகிறது. அன்று விட்டால் இயந்திரம் அடுத்த ஊருக்குப் போய்விடும், திரும்பி எப்போது வரும் என்று தரகராலும் உறுதி சொல்ல முடியாது. முற்றிய கதிர் அதுவரை வயலில் நின்றால் மணி உதிரும். இது முதல் கேள்விக்கு விடை. வழக்கமாக அப்பாதான் கூட நிற்பார். ஆனால் அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்து சில நாட்களே ஆகியிருப்பதால், தூசி படும் இடத்துக்குப் போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அறுவடை இயந்திரத்தின் பக்கத்தில் தூசி இல்லாத இடமே கிடையாது. இது இரண்டாவதற்கு விடை. பனி ஈரம் காய்ந்த பிறகே இயந்திரம் இறங்கும் என்பதால் காலை 9 அல்லது 10 மணிக்குத் தொடங்கி, அறுத்து, டிராக்டரில் ஏற்றி, களத்தில் கொட்டி, இரவுப் பனிக்குத் தார்ப்பாய் போட்டு மூடி முடிக்க மாலை 6 ஆகிவிடும். இது மூன்றாவதற்கு விடை.

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும்போது சில நேரம் தடை நாம் நினைத்ததைவிடச் சிறியது என்று தெரிய வரும். காலை வேலை மட்டும்தான் என்றால் பிற்பகலில் வர முடியும். அப்படியானால் "ஞாயிறு முடியாது" என்பதே சரியான பதில் அல்ல. இந்தச் சோதனையை நேர்மையாகச் செய்யாமல் எழுதிய செய்தி, மேலாளர் கேட்கும் முதல் குறுக்குக் கேள்வியிலேயே உடைந்துவிடும்.

இரண்டாவது படி: அவர்கள் ஏன் அந்த நாளைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான், ஆகவே இதில் சற்று நிதானமாக நிற்கலாம். மறுப்போடு மாற்று வழி ஒன்றும் சொல்ல வேண்டும் என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் கேட்ட வேலையின் காரணம் தெரியாமல் சொல்லும் மாற்று வழி, சொல்லாததைவிட மோசமாகப் போய்விடுவதுண்டு.

மார்ச் 31ஆம் தேதி நிலவரப்படி கடையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, அதன் மதிப்பு என்ன என்பது தெரிந்தால்தான் அந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கை முடிக்க முடியும். அதற்காகத்தான் ஸ்டாக் எடுக்கிறார்கள். விற்பனை நடந்துகொண்டிருக்கும்போது எண்ணினால், எண்ணி முடித்த அடுக்கிலிருந்து பத்து டப்பா வெளியே போய்விடும், எண்ணாத அடுக்கில் புதுச் சரக்கு வந்து இறங்கும், சீட்டில் எழுதியதும் கம்ப்யூட்டரில் இருப்பதும் ஒத்துவராது. கடை அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுவே. ஞாயிறுக்குப் பின் 31ஆம் தேதி வரை நடக்கும் சில நாள் விற்பனையையும் வரவையும் பில்களை வைத்துக் கூட்டிக் கழித்துக்கொள்வார்கள்.

இப்போது, "திங்கள் மத்தியானம் வந்து எண்ணித் தருகிறேன்" என்று நம் இளைஞர் எழுதினால் என்ன ஆகும்? மேலாளருக்கு அது பயன்படாது. இவனுக்கு வேலையே புரியவில்லை என்றுதான் தோன்றும். சரியான மாற்று வழி சரக்கு அசையாத நேரத்தில் இருக்க வேண்டும், அல்லது சரக்கு அசைந்தாலும் பாதிக்காத வேலையாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டு வழிகள் தெரிகின்றன. சனிக்கிழமை இரவு 8 மணிக்குக் கடை அடைத்த பிறகு, வந்த சரக்கும் போன சரக்கும் இல்லாத இரண்டு மணி நேரம் இருக்கிறது. மாதக்கணக்கில் நகராமல் கிடக்கும் பழைய சரக்கு அடுக்குகளை அப்போது எண்ணி, அட்டை எழுதி ஒட்டிவிடலாம். அடுத்ததாக, ஞாயிறன்று மற்றவர்கள் எண்ணி எழுதிய சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இருப்புக் கணக்கோடு ஒத்துப்பார்த்து, வித்தியாசம் வரும் இடங்களைக் குறித்துத் தருவது. இதை எவரும் விரும்பிச் செய்வதில்லை. கடை திறக்கும் முன் திங்கள் காலையில் இதைச் செய்தால் எந்தக் கெடுதலும் இல்லை.

சொல்லும் மாற்று வழி உங்களால் உண்மையில் நிறைவேற்றக்கூடியதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு மேல் கிராமத்துக்குத் திரும்ப இவரிடம் பைக் இருக்கிறது. பேருந்தை நம்பி இருப்பவர் அதே வாக்கைக் கொடுத்தால் சனி இரவு அவரும் தவிப்பார், வேலையும் பாதியில் நிற்கும்.

மூன்றாவது படி: வரிசையாக எழுதுங்கள்

கேட்டது என்ன, வர இயலுமா இயலாதா, ஏன், எதுவரை, பதிலாக என்ன செய்ய முடியும், அவரிடமிருந்து என்ன பதில் வேண்டும் என்ற வரிசை போதும். மறுப்பை இரண்டாவது வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். காரணத்தை நீளமாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் மறுப்பை வைத்தால், பாதியில் படிப்பதை நிறுத்துகிறவர் நீங்கள் வருவதாகவே நினைத்துக்கொள்வார். திருத்திய செய்தி இப்படி அமைந்தது:

"அண்ணாச்சி, வணக்கம். ஞாயிறு காலை ஸ்டாக் எடுக்க வரச் சொல்லியிருந்தீர்கள். அன்று என்னால் வர இயலாத நிலை, மன்னிக்க வேண்டும். எங்கள் வயலுக்கு அறுவடை இயந்திரம் ஞாயிறு காலை முறையில்தான் கிடைத்திருக்கிறது, விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருப்பதால் தூசியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் நான்தான் கூட இருக்க வேண்டும், மாலை 6 மணி வரை வேலை இருக்கும். நாளை சனிக்கிழமை கடை அடைத்த பிறகு இரவு 10 மணி வரை இருந்து, பின்கட்டில் நகராமல் இருக்கும் பழைய சரக்கை எண்ணி அட்டை ஒட்டிவிடுகிறேன். திங்கள் காலை 7 மணிக்கே வந்து, ஞாயிறு எண்ணிய சீட்டுகளை ஏற்றி, வித்தியாசம் வருவதைத் தனியாகக் குறித்துத் தருகிறேன். இது உங்களுக்குச் சரிவருமா என்று நாளை மதியத்துக்குள் சொன்னீர்கள் என்றால் அதற்கு ஏற்ப ஏற்பாடு செய்துகொள்கிறேன்."

நீளமாக இருக்கிறதே என்று சிலர் தயங்குவார்கள். கைப்பேசித் திரையில் ஒரு முறை விரலால் தள்ளிப் படித்துவிடக்கூடிய அளவுதான் இது; இதைவிட நீண்டால்தான் குறைக்க வேண்டும். குறைப்பதென்றால் காரணத்திலிருந்து குறையுங்கள், மாற்று வழியிலிருந்து குறைக்காதீர்கள்.

அழைக்கும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தினமும் "அண்ணாச்சி" என்று அழைப்பவருக்கு எழுத்திலும் "அண்ணாச்சி" என்றே எழுதுங்கள். "சார்" என்று அழைப்பவருக்குச் "சார்", "மேடம்" என்று அழைப்பவருக்கு "மேடம்". திடீரென்று "மதிப்பிற்குரிய ஐயா, தங்களின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கினால் ராஜினாமாக் கடிதம் வந்துவிட்டதோ என்று அவர் திடுக்கிடுவார். மன்னிப்பு ஒரு முறை போதும். மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டால் காரணத்தில் உங்களுக்கே நம்பிக்கை இல்லாதது போலப் படும்.

கேள்வி பொதுக் குழுவில் வந்திருந்தாலும் பதிலைத் தனிச் செய்தியாக அனுப்புங்கள். ஒருவர் குழுவில் மறுத்தால் அடுத்தடுத்து நால்வர் மறுப்பார்கள். பிறகு யார் சொன்ன காரணமும் எடுபடாது. வயதில் மூத்த முதலாளியாக இருந்தால் முதலில் போனில் பேசிவிட்டு, "இப்போது பேசியபடி" என்று தொடங்கி இதே செய்தியை அனுப்புவது நம் பக்கத்தில் இன்னும் நல்ல வழக்கம். பேச்சு மரியாதையைக் காக்கும். எழுத்து, என்ன ஒப்புக்கொண்டோம் என்பதைக் காக்கும்.

"பாக்கேன் சார்" என்ற பதில்

நேரடியாக மறுப்பதற்குக் கூச்சப்பட்டு "பாக்கேன் சார்", "முயற்சி பண்ணுதேன்" என்று எழுதுவது நம்மவர்களிடம் மிக அதிகம். எழுதுபவர் அதை மென்மையான மறுப்பு என்று நினைக்கிறார், படிப்பவரோ பாதிச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆள் கணக்கில் உங்களையும் சேர்த்துவிடுகிறார். ஞாயிறு காலை 9 மணிக்கு நீங்கள் வராதபோது ஏற்படும் கசப்பு, வெள்ளிக்கிழமை சொல்லும் தெளிவான மறுப்பால் ஒருபோதும் ஏற்படாது. உண்மையிலேயே இன்னும் தெரியவில்லை என்றால் அதற்கும் ஓர் எல்லை கொடுத்து எழுதுங்கள்: "இயந்திரம் எந்த நாள் வரும் என்று தரகர் இன்று இரவு சொல்வார் சார். நாளை காலை 10 மணிக்குள் வர முடியுமா என்பதை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்." சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே பதில் போய்ச் சேர வேண்டும்.

"உடம்பு சரியில்லை" என்று எழுதிவிட்டால் எளிதாக முடிந்துவிடுமே என்ற எண்ணமும் வரும். வேண்டாம். பாளையங்கோட்டையும் டவுனும் ஜங்ஷனும் சுற்றியுள்ள ஊர்களும் ஒருவருக்கொருவர் உறவும் பழக்கமுமான இடங்கள்; ஞாயிறன்று நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பது திங்கட்கிழமை கடைக்கு வந்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, காய்ச்சல் என்று எழுதியவரால் சனி இரவு வந்து எண்ணித் தருகிறேன் என்று எழுத முடியாது. பொய்க் காரணம் மாற்று வழியின் கதவையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. உண்மையான காரணம் பிறரிடம் சொல்லத் தகாததாக இருந்தால், "குடும்பத்தில் மருத்துவக் காரணம், விவரம் சொல்ல இயலவில்லை" என்று சுருக்கமாக எழுதுவதில் தவறே இல்லை. காரணத்தை மறைக்க உங்களுக்கு உரிமை உண்டு. நேர எல்லையை மட்டும் மறைக்காதீர்கள், ஏனென்றால் மேலாளர் திட்டமிடுவது அதை வைத்துத்தான்.

வேறு சில பதில்கள், சுருக்கமாக

ஜவுளிக் கடையில் ஞாயிறு மாலை கூடுதல் நேரம் இருக்கச் சொன்னபோது ஒரு பெண் எழுத நினைத்தது: "மேடம் லேட் ஆகும், வீட்ல திட்டுவாங்க." இதில் தடை வீட்டாரின் கோபம் போலத் தெரிகிறது, கோபத்தைச் சமாதானப்படுத்தலாமே என்று மேடம் நினைப்பார். உண்மையான தடை பேருந்து. "மேடம், ஞாயிறு மாலை 7 மணி வரை இருக்கிறேன். எங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து 7.40க்கு, அதைவிட்டால் வேறு வண்டி இல்லை. 7 மணிக்கு மேல் வேலை நீளும் என்றால், ஈடாகக் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிடுகிறேன்." இது மறுப்பே அல்ல, எல்லை சொல்லும் சம்மதம். வார இறுதி மறுப்புகளில் பலவற்றை இப்படி மாற்றி எழுத முடியும்.

ஒவ்வொரு வாரமும் வரும் தடையை ஒவ்வொரு வாரமும் சொல்லக் கூடாது. ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகிறவர், வார இறுதி வகுப்புக்குப் போகிறவர், அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்கிறவர், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு செய்தியாக எழுதிவிடலாம்: "ஞாயிறு பகல் 12 மணி வரை எனக்கு ஆராதனை உண்டு சார். அவசர வேலை இருந்தால் 12.30க்கு மேல் அழைத்தால் வருகிறேன்." கோயில் கொடை, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போவது போன்றவை ஆண்டுக்கு ஒரு முறை, நாள் முன்பே தெரிந்துவிடும். கொடைக்குக் கால் நாட்டிய அன்றே சொல்லிவிட்டால், கடைசி நேரத்தில் மறுக்கும் சங்கடமே வராது.

"போன வாரமும் நாந்தான வந்தேன், வேற ஆளே இல்லையா?" என்ற பதிலுக்குள் இருக்கும் தடை ஓய்வின்மை. அதை வெட்கப்படாமல் எழுதலாம், ஆனால் குற்றச்சாட்டாக எழுதாமல் கணக்காக எழுத வேண்டும்: "சார், கடந்த இரண்டு ஞாயிறும் வந்துவிட்டேன், இடையில் மாற்று விடுமுறையும் எடுக்கவில்லை. இந்த ஞாயிறு எனக்கு ஓய்வு தேவைப்படுகிறது. அடுத்த ஞாயிறு கட்டாயம் வருகிறேன்." 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், கடை ஊழியருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறையையும், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பையும், அதற்கு மேலான நேரத்துக்கு இரு மடங்கு ஊதியத்தையும் சொல்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், வேலை செய்த நாட்களைக் குறித்தும் வையுங்கள். ஆனால் முதல் செய்தியிலேயே சட்டத்தைக் கொண்டுவராதீர்கள். அது வந்த நிமிடமே பேச்சு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியதாக இல்லாமல் போய்விடும். முறையாகச் சொல்லியும் ஓய்வு நாள் தொடர்ந்து மறுக்கப்பட்டால் சட்டத்தைப் பேசுவதற்கு இடம் உண்டு, அதற்கான கடிதம் வேறு.

பதில் வந்த பிறகு

உங்கள் செய்தி சரியாக அமைந்ததா என்பதை வரும் பதிலே காட்டிவிடும். "வாரியா, வரலியா?" என்று திருப்பிக் கேட்டால் மறுப்பு உள்ளே புதைந்துபோயிருக்கிறது. "ஏன், என்ன வேலை?" என்று கேட்டால் காரணம் மங்கலாக இருக்கிறது. "எப்ப ப்ரீ ஆவ?" என்றால் நேர எல்லை விடுபட்டிருக்கிறது. "அப்ப இத யாரு பாப்பா?" என்றால் மாற்று வழி இல்லை, அல்லது இருந்தும் வேலைக்குப் பொருந்தவில்லை. எது விடுபட்டதோ அதை மட்டும் சேர்த்து ஒரு வரியில் பதில் எழுதுங்கள், முழுச் செய்தியையும் மறுபடி எழுத வேண்டாம்.

நம் இளைஞருக்கு வந்த பதில் வேறு மாதிரி: "சனி ராத்திரி எண்ணு, சரி. ஞாயிறும் ஒரு ரெண்டு மணி நேரமாவது வந்துட்டுப் போ தம்பி." தடையை அளக்காமல் எழுதியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்; புதிதாக ஒரு காரணத்தைச் சேர்ப்பார்கள், பாட்டிக்கும் உடம்பு சரியில்லை என்பார்கள். இரண்டாவது காரணம் முதல் காரணத்தைப் பலவீனப்படுத்தும். முன்பு சொன்ன எல்லையையே குறைந்த சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும்: "அண்ணாச்சி, காலை 9 முதல் மாலை 6 வரை வயலைவிட்டு நகர முடியாது. நெல்லை மூடிவிட்டு 8 மணிக்கு மேல் போன் பண்ணுகிறேன். எண்ணியதில் சந்தேகம் ஏதும் இருந்தால் அப்போது கேளுங்கள்." அவர் கேட்ட இரண்டு மணி நேரத்துக்கு ஈடாக, கொடுக்கக்கூடிய ஒன்றை இது கொடுக்கிறது. இதற்குப் பிறகும் வந்தே தீர வேண்டும் என்றால் செய்தியில் இழுத்தடிக்காமல் மறுநாள் நேரில் பேசுவதுதான் வழி.

ஒப்புக்கொள்ளப்பட்டவுடன் அதை ஒரு வரியில் உறுதிப்படுத்தி அனுப்புங்கள்: "சரி அண்ணாச்சி. நாளை இரவு 8 முதல் 10 வரை பின்கட்டுச் சரக்கு, திங்கள் காலை 7 மணிக்குச் சீட்டு ஏற்றுவது." சனி இரவு எண்ணி முடித்ததும், ஒட்டிய அட்டைகளோடு அடுக்குகளைப் படம் எடுத்து, எத்தனை அடுக்கு முடிந்தது, எது மீதி என்று எழுதி அனுப்பிவிட்டே பைக்கை எடுங்கள், ஞாயிறு காலை எண்ண வருகிறவர்கள் அந்த அடுக்குகளை மறுபடியும் எண்ணாமல் இருப்பதற்கு அது வேண்டும்.